ஆசிரியர் தரப் பரீட்சைக்கு ஒரு பிள்ளையையும் கூப்பிடுங்கள்

புலம்பெயர் நாடுகளில் கர்நாடக சங்கீதத்துக்கும் பரதநாட்டியத்துக்கும் தரப் பரீட்சைகள் நடத்தும் சபைகளின் பாடத்திட்டக் குழுவினருக்கும் பரீட்சகர்களுக்கும்,

லண்டனில் வாய்ப்பாட்டு வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். என் மாணவர்களைப் பரீட்சைக்கு அழைத்து வந்து மண்டபத்து வாசலில் காத்திருந்திருக்கிறேன். செயன்முறைப் பரீட்சைகளில் உங்களோடு ஒரே மேசையிலும் இருந்திருக்கிறேன். ஆகவே வெளியில் நின்று கல்லெறிகிறவள் என்று நினைத்துக்கொண்டு இதை வாசிக்காதீர்கள்.

நீங்கள் நடத்தும் பரீட்சைகள் எல்லாவற்றையும் பற்றி இங்கே பேசப்போவதில்லை. முதலாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரையில் உள்ளவை அவற்றின் வேலையைச் செய்கின்றன. சனிக்கிழமை காலையில் நீச்சலையும் கணித ரியூசனையும் முடித்துவிட்டு அரை மனதோடு வரும் பிள்ளையைக் கீதத்திலிருந்து வர்ணம் வரைக்கும் இழுத்துச் செல்ல, அந்தத் திகதியும் அந்தச் சான்றிதழும் உதவுகின்றன. என் முறைப்பாடு கடைசிப் படியைப் பற்றியது. ஆசிரியர் தரம் என்று பெயரிட்டு, பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் கையில் நீங்கள் கொடுக்கிறீர்களே, அந்தச் சான்றிதழைப் பற்றியது.

அந்தப் பரீட்சையில் நாம் என்ன கேட்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஓர் அடதாள வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடச் சொல்கிறோம். கிருதிகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்து ராக ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் கேட்கிறோம். ராக லட்சணம், முப்பத்தைந்து தாளம், எழுபத்திரண்டு மேளகர்த்தாவின் சக்கரங்கள், வாக்கேயகாரர் வரலாறு என்று அறிமுறை வினாத்தாள் ஒன்று வைக்கிறோம். நடனத்தில் வர்ணமும் பதமும் தில்லானாவும் ஆடச் சொல்லி, அபிநய தர்ப்பணத்திலிருந்து ஹஸ்தங்களின் விநியோகத்தைக் கேட்கிறோம். நல்ல கேள்விகள்தான். ஆனால் இவற்றில் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லப் பரீட்சார்த்திக்கு இன்னொரு பிள்ளை தேவைப்படுவதில்லை. தான் பாடுவதையும் ஆடுவதையும் காட்டிவிட்டு அவர் வெளியே போகிறார். மண்டபத்தை விட்டு வெளியே போகும்போது அவர் ஆசிரியர்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். வட இலங்கைச் சங்கீத சபையின் ஆறாம் தரம்தான் நம்மெல்லோருக்கும் மாதிரி. அதை ஆசிரியர் தரம் என்றார்கள். சித்தியடைந்தவருக்குக் கலாவித்தகர் பட்டம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு அந்தப் பட்டத்தின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அங்கே அந்தச் சான்றிதழ் தனியாக நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போக விரும்பியவருக்கு ஆசிரியர் கலாசாலையோ, பின்னாளில் தேசிய கல்வியியற் கல்லூரியோ இருந்தது. அங்கே பாடக்குறிப்பு எழுதி, மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க வகுப்பு எடுத்துப் பழகினார்கள். வீட்டில் வகுப்பு வைத்தவர்களுக்கும் வேறொரு பயிற்சி கிடைத்திருந்தது. குருவின் வீட்டு விறாந்தையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுப்பது மூத்த மாணவியின் வேலை. குரு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பார். காது மட்டும் வெளியே இருக்கும். பிள்ளை பிழையாகப் பாடியதற்கல்ல, அதைக் கேட்டும் விட்டுவிட்டுப் போன மூத்தவளுக்குத்தான் ஏச்சு விழும். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, புள்ளி போடவில்லை. ஆனாலும் அது முழுமையான ஆசிரியப் பயிற்சி.

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். அங்கே அரசாங்கம் இசைக்குக் கீழ்நிலை, மேல்நிலை என்று தொழில்நுட்பத் தேர்வு நடத்துகிறது. மேல்நிலையில் சித்தியடைந்துவிட்டால் உடனே பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியராகிவிட முடியாது. ஓவியமும் தையலும் படித்தவர்களைப் போலவே இசை படித்தவர்களும் தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சி என்று தனியாக ஒன்றை முடிக்க வேண்டும். கோடை விடுமுறையில் 42 நாள் நடக்கும். நாற்பத்திரண்டு நாளில் ஒருவர் ஆசிரியராகிவிடுவாரா என்று நீங்கள் கேட்டால் நானும் உங்களோடு சேர்ந்து சிரிப்பேன். ஆனாலும் பாடத் தெரிவது வேறு, பாடம் சொல்லத் தெரிவது வேறு என்று அந்த ஏற்பாடு ஒத்துக்கொள்கிறது. நாம் புலம்பெயர்ந்தபோது பரீட்சையை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தோம். கலாசாலையும் விறாந்தையும் அங்கேயே நின்றுவிட்டன.

இப்போது ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது வேண்டாம். இதைப் போன்ற ஒன்று உங்கள் வீட்டிலிருந்து அரை மணித்தியாலத் தூரத்துக்குள் இருக்கும். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சங்கீத வகுப்பு. ஆசிரியை இருபது வயது தாண்டாதவர். ஆசிரியர் தரத்தில் அதிவிசேட சித்தி. நல்ல குரல், திருத்தமான ஸ்வரஸ்தானம். அவருடைய பைரவியை நானே கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். அவருக்கு முன்னால் ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். கைபேசியில் சுருதி ஒலிக்கிறது. ஐந்தரைக் கட்டை, ஏனென்றால் அது ஆசிரியையின் சுருதி.

பின்வரிசையில் ஒரு பையன். வயது பதின்மூன்று. அவனுக்குக் குரல் உடைந்துகொண்டிருக்கிறது. அலங்காரத்தில் மேல் ஷட்ஜம் வரும் இடமெல்லாம் வாயை மட்டும் அசைக்கிறான். சில இடங்களில் கள்ளக்குரலில் எட்டிப் பார்க்கிறான், அது கீச்சென்று கிழிகிறது, பக்கத்துப் பிள்ளைகள் சிரிக்கின்றன. ஆசிரியை கோபக்காரி இல்லை. கனிவாகத்தான் சொன்னார்: இன்னும் வாய் திறந்து, பயப்படாமல், பலமாகப் பாடு. அவன் பலமாகப் பாடினான். வகுப்பு முடியும்போது தொண்டை கரகரத்துப்போயிருந்தது. அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. அவனுக்குக் குரல் இல்லை, மிருதங்கத்தில் விட்டிருக்கிறோம் என்று தாய் சொன்னாராம்.

அவனுக்குக் குரல் இருந்தது. அவன் நின்ற இடம்தான் பிழை. அந்த வயதில் ஆண்பிள்ளைகளின் குரல்வளை வேகமாக வளர்கிறது. ஒன்றிரண்டு வருடத்தில் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கி அமரும். அதுவரை அது எங்கே நிற்கும் என்று அவனுக்கே தெரியாது. ஐந்தரைக் கட்டையில் அவன் மேல் ஷட்ஜத்துக்கு முயல்வது, உடைகிற தொண்டையை அதன் எல்லைக்கு அப்பால் இழுப்பதுதான். அனுபவமுள்ள ஆசிரியை முதலில் அவனைத் தனியாக அழைத்து, சுருதி இல்லாமல் பேசவிட்டுக் கேட்பார். பேச்சுக்குரல் எங்கே விழுகிறது என்று பார்த்து, அதற்குக் கிட்ட மூன்று கட்டையோ இரண்டரையோ வைத்து ச, ப, கீழ்ப் ப மூன்றையும் பாடச் சொல்வார். அவை நோகாமல் வந்தால் அந்த மாதத்துக்கு அதுதான் அவனுடைய சுருதி. அடுத்த மாதம் திரும்பவும் பார்ப்பார், இன்னும் இறங்கியிருக்கலாம். மேல்ஸ்தாயி வரிசைகளை நிறுத்திவைப்பார். பாடும் நேரத்தைக் குறைத்து, தாளம் போட்டு ஸ்வரம் சொல்வது, கேட்டு எழுதுவது என்று மற்ற வேலைகளைக் கூட்டுவார். எல்லாவற்றுக்கும் முன்னதாக, இது எல்லாப் பையன்களுக்கும் வரும், போய்விடும் என்று அவனிடமும் தாயிடமும் சொல்லிவைப்பார். மற்றப் பிள்ளைகளோடு ஒரே சுருதியில் அவனைப் பாடவைக்க முடியாது என்பதால் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தை அவனுக்கென்று ஒதுக்குவார். இவ்வளவுதான். இதில் எதையும் நம் வினாத்தாள் கேட்டதில்லை. அந்த இளம் ஆசிரியையும் தன் படிப்புக் காலத்தில் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவர் படித்த வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் பெண்பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்று தெரியும் என்று எழுதிக் கையொப்பம் வைத்தவர்கள் நாம்.

அதே வகுப்பில் முன்வரிசையிலும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அது இன்னும் நுட்பமானது, இங்கே பிறந்த பிள்ளைகளை வைத்திருக்கும் எந்த ஆசிரியருக்கும் பழக்கமானது. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. சுருதி இருக்கிறது, தாளம் இருக்கிறது, பிள்ளைகள் உற்சாகமாகப் பாடுகிறார்கள். ஆனால் இரண்டாவது ஸ்வரம் சுத்த ரிஷபம் இல்லை. சதுஸ்ருதி ரிஷபமாக ஏறி நிற்கிறது. தைவதமும் அதோடு ஏறிவிட்டது. பாடப்புத்தகத்தில் மாயாமாளவகௌளை, பிள்ளைகளின் வாயில் சங்கராபரணம். பள்ளிக்கூடத்தில் பியானோவுக்குப் பக்கத்தில் நின்று பாடிப் பாடி அந்தப் படிகள்தான் அவர்களின் காதில் ஊறியிருக்கின்றன. கூட்டமாகப் பாடும்போது ஆசிரியையின் குரல் மேலே ஒலிப்பதால் பிழை அமுங்கிவிடுகிறது. அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. முழு வரிசையையும் திரும்பப் பாடிக் காட்டினார். பிள்ளைகளும் திரும்பப் பாடினார்கள், முன்பு பாடியது போலவே.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழிதான் உண்டு. ஆசிரியை தன் வாயை மூடிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாக ரிஷபத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும். திருத்துவதற்கு வழிகள் பல. நான் கையாளும் ஒன்றைச் சொல்கிறேன். காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்குப் போகும் தூரம் மாயாமாளவகௌளையிலும் சங்கராபரணத்திலும் ஒன்றேதான். ஆகவே எந்தப் பிள்ளைக்கும் க ம க சரியாக வரும். அதைச் சிலமுறை பாடவிட்டு, அந்தச் சின்னத் தூரத்தைக் காதில் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பிறகு அதே தூரத்தை ஷட்ஜத்திலிருந்து எடு என்றால் ச ரி ச சரியாக விழும். ஷட்ஜத்தில் பிடித்ததைப் பஞ்சமத்தில் வைத்தால் ப த ப. சமச்சீரான ராகம் என்பதால்தான் ஆரம்பப் பாடத்துக்கு இது வசதியாக இருக்கிறது என்று நாம் அறிமுறை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். பரீட்சையிலும் அதை எழுதுகிறார்கள். எழுதியவர் பிழையாகப் பாடும் ஒரு பிள்ளையின் முன்னால் அதைப் பயன்படுத்துகிறாரா என்று நாம் பார்த்ததில்லை. ஒரு மாதம் இந்த ரிஷபம் திருந்தாமல் விடப்பட்டால் பிறகு கௌளை, நாதநாமக்கிரியை, சாவேரி என்று எதை எடுத்தாலும் அந்தப் பிள்ளை தடுமாறும். அப்போது ஞானம் இல்லை என்று பிள்ளையைத்தான் சொல்வோம்.

நடனக்காரர் நான் இல்லை. ஆனால் நடனத்தில் இந்தக் குறையின் விலை முழங்காலில் விழுகிறது என்று நட்டுவாங்கம் செய்யும் தோழி ஒருத்தி எனக்குச் செய்து காட்டினாள். அரைமண்டியில் பாதங்களை இரு பக்கமும் விரிக்கிறோம். அந்த விரிவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் பாதமும் திரும்பலாம். அது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறுபடும். பரீட்சையில் அரைமண்டி நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக ஆசிரியை பாதத்தைப் பிடித்து இன்னும் திருப்பிவைத்தால், பாதம் பக்கத்தைப் பார்க்கும், முழங்கால் சில்லு முன்னாலேயே நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெரியும்: முழங்கால் விரல்களுக்கு நேரே இல்லாமல் பெருவிரலுக்கு உட்பக்கம் விழுந்திருக்கும், பாதத்தின் வளைவும் உள்ளே சரிந்திருக்கும். அந்த நிலையில் வைத்துத் தட்டடவை மூன்று காலத்திலும் தட்டவிட்டால், அதுவும் சீமெந்தின் மேல் வினைல் ஒட்டிய சமூக மண்டபத் தரையில் தட்டவிட்டால், ஒவ்வொரு தட்டும் முறுக்கிய மூட்டிலேயே இறங்கும். சில மாதத்தில் பிள்ளை படி இறங்கும்போது முழங்காலுக்கு முன்னால் நோகிறது என்று சொல்லும். பயிற்சி போதாது என்று பதில் வரும். நல்ல ஆசிரியை, இந்தப் பிள்ளை இவ்வளவுதான் திரும்பலாம், இவ்வளவுதான் இருக்கலாம் என்று சொல்லிப் பாதத்தைக் குறைத்துவைப்பாள். அந்த வருடம் பரீட்சையில் புள்ளி குறைந்தாலும் பரவாயில்லை என்பாள். பரீட்சகர்களே, குறைவாக இருக்கும் அரைமண்டிக்கு நீங்கள் புள்ளி வெட்டும்போது, அது சோம்பலால் குறைந்ததா, அறிந்து குறைத்ததா என்று முழங்காலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பார்க்கிறோமா?

தட்டுக்கழியைப் பற்றியும் தோழி ஒன்று சொன்னாள், விட்டுவிட மனமில்லை. பதிவு செய்த இசைக்கே ஆடிப் பழகி, பதிவு செய்த இசையை வைத்தே வகுப்பும் நடத்தும் இளம் ஆசிரியர்கள் பெருகிவிட்டார்கள். பதிவு ஒரு பிள்ளைக்காக வேகம் குறைக்காது. நாட்டடவில் கால் பிந்தும் பிள்ளை, பிந்தியபடியே ஆடி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. தட்டுக்கழி கையில் இருந்தால் அந்தப் பிள்ளையின் காலுக்கு இறங்கி வந்து, அங்கிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டு போகலாம்.

இதையெல்லாம் சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லியும் இருக்கிறீர்கள்.

வித்தை நன்றாகத் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தானாக வரும் என்பது ஒன்று. சிலருக்கு வரும். அவர்கள் நாம் வைக்கும் எந்தச் சோதனையிலும் சுலபமாகத் தேறிவிடுவார்கள், அவர்களுக்கு நட்டமில்லை. வராதவர்களிடம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். பெரிய குருமார்கள் என்ன சான்றிதழ் வைத்திருந்தார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அது எனக்குச் சாதகமான கேள்வி. அளவெட்டியிலும் இணுவிலிலும் நாதஸ்வரமும் தவிலும் தலைமுறையாக வளர்ந்தது காகிதத்தால் அல்ல. தவில் மேதை தட்சிணாமூர்த்தி எந்தச் சபையின் ஆசிரியர் தரத்திலும் சித்தியடைந்து வாசிக்கவில்லை. அந்த மரபில் வந்தவர் ஒருவர் இன்று இங்கே வார இறுதிப் பள்ளியில் தாளம் சொல்லிக்கொடுக்கக் கேட்டால், சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். பக்கத்து அறையில் பதினெட்டு வயதுப் பிள்ளை சான்றிதழோடு வகுப்பு நடத்துகிறது. காகிதம் இல்லாத ஆசிரியரை வெளியே நிறுத்திவிட்டு ஆசிரியராகாதவரை உள்ளே விடுவதற்குத்தான் நம் முத்திரை பயன்படுகிறது என்றால் அதை நாம் கொஞ்சம் வெட்கத்தோடு பார்க்க வேண்டும்.

ஆளில்லை, காசில்லை, மண்டப வாடகையே கட்டுப்படியாகவில்லை என்பது அடுத்தது. இதில் உண்மை இருக்கிறது. நீங்கள் பெரும்பாலும் ஊதியம் இல்லாமல் செய்கிறீர்கள். தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பரீட்சகர்களை அழைக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் நிற்கும் சில நாட்களுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவேதான் நான் கேட்பது சிறியது.

நான்காவதாக ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. ஆசிரியர் தரம் வரை கொண்டுவந்த மாணவர் எத்தனை பேர் என்பதுதான் இன்று ஓர் ஆசிரியரின் பெயர். அந்த எண்ணிக்கை கூடினால் வகுப்புக்குப் பிள்ளைகள் கூடுகிறார்கள். சபைக்குப் பரீட்சார்த்திகள் கூடுகிறார்கள். கடைசிப் படியைக் கடினமாக்கினால் இரண்டும் குறையும் என்ற பயம். இந்தப் பயம் கீழேயுள்ள தரங்களிலும் எட்டிப் பார்க்கிறது. வருடம் முழுவதும் பரீட்சைக்குரிய உருப்படிகளை மட்டும் ஒலிப்பதிவிலிருந்து நெட்டுருப் பண்ணிக்கொண்டு வரும் பிள்ளைகளை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அவர்களை இனங்காண்பது சுலபம். கிருதியைச் சரணத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பல்லவியைப் பாடிப் பார்க்காமல் எடுப்பு வராது. தெரிந்த சரளி வரிசையையே கல்யாணியில் பாடச் சொல்லுங்கள்; விழிக்கும். அந்தப் பிள்ளை இன்னும் மூன்று வருடத்தில் உங்களிடம் ஆசிரியர் தரத்துக்கு வரும். நெட்டுருப் பண்ணித்தான் அது அதுவரை வந்திருக்கும். தான் நடத்தும் வகுப்பிலும் அதே வழியைத்தான் அது அறிந்திருக்கும்.

மேலைச் சங்கீதத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளே பியானோவும் வயலினும் அந்தச் சபைகளிடம் எழுதுகிறார்கள். எட்டாம் தரம் அங்கே தரப் பரீட்சைகளின் கடைசிப் படி. கற்பிப்பதற்கு ட்ரினிட்டி போன்ற சபைகள் வாசிப்புப் பட்டயத்திலிருந்து பிரித்து வேறொரு பட்டயம் வைத்திருக்கின்றன. எட்டாம் தரத்தோடு வீட்டில் பிள்ளைகளை வைத்துப் பாடம் சொல்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அது அவர்கள் சுதந்திரம். ஆனால் அவர்களுடைய எட்டாம் தரச் சான்றிதழில் ஆசிரியர் என்று யாரும் அச்சடிப்பதில்லை.

இனி என் கோரிக்கை. ஆசிரியர் தரத்தின் செயன்முறையில் இருபது நிமிடம் ஒதுக்கி, பரீட்சார்த்திக்கு முன்பின் தெரியாத ஒரு பிள்ளையை அவர் முன்னால் இருத்துங்கள். சங்கீதத்துக்கு எட்டு ஒன்பது வயதில் சரளி, ஜண்டை படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை போதும். நடனத்துக்குத் தட்டடவு முடித்து நாட்டடவில் இருக்கும் பிள்ளை. சுருதியை நீங்கள் வைக்காதீர்கள். பரீட்சார்த்தியே பிள்ளையைப் பாடவிட்டுத் தெரிந்தெடுக்கட்டும். மேல் ஷட்ஜத்தையும் கீழ்ப் பஞ்சமத்தையும் பார்த்துவிட்டு வைக்கிறாரா, தன் சுருதியையே அழுத்துகிறாரா என்பது முதல் மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்து, பிள்ளையின் பிழை எது என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் காதிலும் அது விழுந்திருக்கும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பாருங்கள். பாதி வழியில் நிறுத்துகிறாரா, முழுவதையும் திரும்பப் பாடவிடுகிறாரா? பிழையான ஸ்வரத்தைத் தனியாகப் பிரிக்கிறாரா? முதல் வழி பலிக்காதபோது இரண்டாவது வழி ஒன்று கையில் இருக்கிறதா? இருபது நிமிடத்தில் பிள்ளை முழுவதும் திருந்திவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது நடக்காது. திருத்தத்தை நோக்கி ஓர் அடி வைத்தாலே புள்ளி கொடுங்கள். திருந்தாமலே நன்றாயிருக்கிறது என்று சொல்லி அனுப்பினால் கொடுக்காதீர்கள்.

இதற்கு முன்பாக ஒரு வருடம் தன் குருவின் வகுப்பில் ஆரம்பப் பிள்ளை ஒன்றுக்கு அவர் பாடம் சொல்லியிருக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு சாதாரணக் கொப்பியில் குறிப்பு எழுதியிருக்க வேண்டும்: என்ன சுருதி, எங்கே தடங்கியது, என்ன செய்தேன், வந்ததா வரவில்லையா. குரு கையொப்பம் வைத்தால் போதும். வாய்மொழிப் பரீட்சையில் மேளகர்த்தாச் சக்கரங்களுக்கு முன் அந்தக் கொப்பியைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டி, இங்கே ஏன் இப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். எழுதாமல் எழுதியதாகச் சொல்பவர் இரண்டாவது கேள்விக்குள் அகப்பட்டுவிடுவார்.

இந்தப் பகுதி வேண்டாம், பாடினால் போதும், ஆடினால் போதும் என்று நினைக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் இழிந்தவர்கள் அல்லர். ஆறாம் தரம் சித்தி என்று எழுதி அவர்களுக்கும் பட்டம் கொடுங்கள். ஆசிரியர் என்ற சொல்லை மட்டும் அந்தக் காகிதத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பெற்றோர் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பிள்ளையை ஒப்படைக்கிறார்கள். வேறு எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஏற்கெனவே சான்றிதழ் வாங்கி வகுப்பு நடத்துகிறவர்களிடமிருந்து அதைத் திரும்பக் கேட்கச் சொல்லவில்லை. அவர்களில் பலர் வருடக்கணக்காக நின்று, பிள்ளைகளிடமிருந்தே கற்றுக்கொண்டு நல்ல ஆசிரியர்களாகிவிட்டார்கள். விரும்பினால் அவர்களும் இந்த இருபது நிமிடத்துக்கு வரட்டும். காகிதமே இல்லாத நாதஸ்வர, தவில், நட்டுவ மரபினரும் அறிமுறை வினாத்தாளை எழுதாமல் இந்தப் பகுதிக்கு மட்டும் வந்து போக வழி வையுங்கள். இந்தச் சோதனையில் நம்மெல்லோரையும்விட அதிகமாக அவர்கள் தேறினால் எனக்கு ஆச்சரியமாக இராது.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். எல்லா நாட்டிலும் ஒரே தடவையில் வேண்டாம். ஒரு நகரத்தில், ஒரு பரீட்சைப் பருவத்தில், வாய்ப்பாட்டுக்கு மட்டும் செய்து பாருங்கள். அந்த நாளுக்கு வேண்டிய ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளை, பெற்றோரின் சம்மதத்தோடு, என் வகுப்பிலிருந்து நான் அழைத்து வருகிறேன். அவர்களில் இரண்டு பேருக்கு ரிஷபம் இன்னும் ஏறித்தான் நிற்கிறது. பரீட்சை முடியும்வரை அதைத் திருத்தாமல் வைத்திருக்க மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், வேறு பிழை உள்ள பிள்ளைகள் அதற்குள் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியை
லண்டன்